படமாக வந்த அட்டவணையிலிருந்து இடையும் இடையமும் காண்பது எப்படி?

வைகாசிக் கடைசியில் அண்ணாவின் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். கோப்பாயில் அவர்கள் வீட்டு வளவில் பிடுங்கிய 60 கறுத்தக்கொழும்பான் மாங்காய்களைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்து, அவளும் தோழிகளும் கணிதச் செயற்றிட்டத்துக்காக ஓர் அட்டவணை தயாரித்திருந்தார்கள். ஒவ்வொரு காயின் நிறையையும் தனித்தனியே எழுதி வைக்கவில்லை. நிறுக்க நிறுக்க உரிய வரிசையில் ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு, கடைசியில் எண்ணி எழுதியிருந்தார்கள். தாள் தோழி ஒருத்தியின் கைக்குப் போய்விட்டது. இவளிடம் மிஞ்சியது மாலை வெளிச்சத்தில் சரித்துப் பிடித்து எடுத்த ஒரு படம் மட்டுந்தான்.

"சித்தப்பா, இடையும் இடையமும் காணவேணும். ஆனால் கூட்டினா 55தான் வருது, கீழ மொத்தம் 60 எண்டு கிடக்கு" என்று எழுதியிருந்தாள்.

இந்த ஒரு படத்தை வைத்தே முழு வேலையையும் சொல்கிறேன். நம் பாடநூல்கள் இடை, இடையம், மீடிறன் என்று சொல்வதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் சராசரி, இடைநிலை அளவு, நிகழ்வெண் என்று சொல்கின்றன. பெயர்தான் வேறு, கணக்கு ஒன்றே.

முதலில் படத்தைத் தாளுக்கு மாற்றுங்கள்

படத்தைப் பார்த்துக்கொண்டே கணக்கைத் தொடங்க வேண்டாம். திரையில் ஒரு வரிசை, தாளில் ஒரு வரிசை என்று கண் மாறி மாறிப் போகும்போது 13க்கு எதிரே இருக்க வேண்டிய வகுப்பு ஒரு படி கீழே இறங்கிவிடும். படம் சரிந்திருந்தால் இது இன்னும் எளிதாக நடக்கும். போனில் படத்தைத் திருப்பி, அட்டவணையின் கோடுகள் கிடையாக வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரிசைகளை எண்ணி, அத்தனை வரிசைகளைத் தாளில் கீறிவிட்டு நிரப்புங்கள்.

முதலில் நிரப்ப வேண்டியது வகுப்பாயிடை நிரல். அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. 251–300, 301–350 என்று இரண்டு வரிசை தெளிவாகத் தெரிந்தால், மற்றவை 50 50 ஆக ஏற வேண்டும் என்று தெரிந்துவிடும். இவளுடைய படத்தில் நான்காம் வரிசையின் மேல் தாளின் மடிப்பு விழுந்து, "4_1–450" என்றுதான் தெரிந்தது. மேலே 351–400, கீழே 451–500 இருப்பதால் அது 401தான். சந்தேகமே வேண்டாம்.

மீடிறன் நிரலுக்கு அப்படி ஓர் ஒழுங்கு கிடையாது. அங்கே ஒவ்வோர் இலக்கத்தையும் அதன் வடிவத்தைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். கடைசி வரிசையில் "மொத்தம்" என்று இருந்தால் ஒரு கோடு கீறி அதைப் பிரித்து எழுதுங்கள். மொத்தத்தையும் ஒரு வகுப்பாக நினைத்துக் கணக்கில் சேர்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். படத்தில் அந்த வரிசையின் இடப்பக்கம் வெட்டுப்பட்டிருந்தால் யாருக்கும் இது நேரும்.

அவள் வாசித்த மீடிறன்கள் மேலிருந்து கீழாக 4, 9, 13, 13, 10, 4, 2. கூட்டினால் 55.

ஐந்து எங்கே போனது?

மொத்தம் எழுதப்பட்ட அட்டவணை கிடைத்தால் அது பெரிய உதவி. வாசித்ததில் பிழை இருக்கிறதா என்பதை அது உடனே சொல்லிவிடும். ஆனால் பிழை எந்த வரிசையில் என்று அது சொல்லாது. இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள்.

ஐந்து குறைகிறது என்றதும் மடிப்பு விழுந்த நான்காம் வரிசையை 18 ஆக்கிவிடத் தோன்றும். 3ஐயும் 8ஐயும் மாற்றி வாசிப்பது சாதாரணம், வித்தியாசமும் சரியாக 5. ஆனால் மூன்றாம் வரிசையில் இருப்பதும் 13தான். அதுவும் 18 ஆக இருந்திருக்கலாம். ஆறாம் வரிசையின் 4, மேற்பகுதி மூடிய 9 ஆக இருந்திருந்தாலும் வித்தியாசம் 5தான். முதல் வரிசையின் 4க்கும் இதே கதி. ஆக, ஒரே ஒரு வரிசையில்தான் பிழை என்று வைத்துக்கொண்டாலும் குறைந்தது நான்கு விளக்கங்கள் மொத்தத்தோடு பொருந்துகின்றன.

தீர்ப்பது எப்படி? எழுதியவரின் கையைப் பாருங்கள். ஒரே ஆள் எழுதிய அட்டவணையில் அதே இலக்கம் வேறு இடங்களிலும் இருக்கும். படத்தைப் பெரிதாக்கி வகுப்பாயிடை நிரலில் உள்ள 300, 301, 350, 351 ஆகியவற்றின் 3களைப் பார்த்தோம். அந்தப் பிள்ளை 3 எழுதும்போது மேலே ஒரு தட்டையான கோடு போட்டு, பிறகுதான் வளைக்கிறாள். மூன்றாம் வரிசை 13இல் அந்தத் தட்டைக் கோடு பளிச்சென்று தெரிகிறது. நான்காம் வரிசையில் மடிப்புக்கு மேலே தெரிந்த துண்டு வட்டமாக இருந்தது. தட்டையான தலை இல்லை. 4ஐயும் பார்த்தோம். 400, 401, 450 எல்லாவற்றிலும் 4இன் மேற்பக்கம் திறந்திருக்கிறது. முதல் வரிசை 4உம் ஆறாம் வரிசை 4உம் அதே மாதிரித்தான். ஆக, நான்காம் வரிசை 18.

இலக்கத்தின் வடிவம் பிடிபடாவிட்டால், தாள் வைத்திருப்பவரிடம் கேட்பதே வழி. "நடுவில் கூடவும் ஓரங்களில் குறையவும் வருவதுதானே வழமை" என்று ஊகித்து எழுத வேண்டாம். இங்கே 13, 13, 10, 9, 2 என்று வந்திருந்தாலும் பார்வைக்கு இயல்பாகவே இருந்திருக்கும்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். மொத்தம் பொருந்துவதால் மட்டும் அட்டவணை சரியாகிவிடாது. இரண்டு வரிசைகளின் மீடிறன்களை இடம் மாற்றி எழுதியிருந்தாலும் கூட்டுத்தொகை 60தான். அதனால் மொத்தம் பொருந்திய பிறகும் ஒருமுறை, ஒருவர் படத்தைப் பார்த்து வாசிக்க மற்றவர் தாளில் சரிபாருங்கள்.

நடுப்பெறுமானம்

251 முதல் 300 வரை நாலு மாங்காய் என்பதுதான் நமக்குத் தெரியும். அந்த நாலின் உண்மையான நிறை அட்டவணையில் இல்லை. அதனால் நாலும் வகுப்பின் நடுவில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம். அந்த நடுதான் நடுப்பெறுமானம். இரண்டு எல்லைகளையும் கூட்டி இரண்டால் பிரித்தால் கிடைக்கும்.

(251 + 300) ÷ 2 = 275.5

இங்கே நடக்கும் பிழை அந்த .5ஐ விட்டுவிட்டு 275 என்று எழுதுவது. வகுப்பு 250–300, 300–350 என்று எல்லைகள் ஒட்டி வந்திருந்தால் 275 சரி. நம் அட்டவணையில் ஒரு வகுப்பு 300இல் முடிகிறது, அடுத்தது 301இல் தொடங்குகிறது. மங்கலான படத்தில் 301க்கும் 300க்கும் வித்தியாசம் தெரியாமல் போகலாம். அதனால் தெளிவான ஒரு வரிசையையாவது தேடி, எந்த வகை என்று உறுதி செய்த பிறகு நடுப்பெறுமானம் எழுதுங்கள். முதலாவதைக் கண்டுவிட்டால் மற்றவற்றுக்கு 50 50 ஆகக் கூட்டிக்கொண்டு போனால் போதும். கடைசி வரிசைக்கு மட்டும் மறுபடியும் எல்லைகளைக் கூட்டிப் பாருங்கள். (551 + 600) ÷ 2 = 575.5. கூட்டிக்கொண்டு வந்ததும் அதுவேயானால் இடையில் எதுவும் தவறவில்லை.

எடுகொண்ட இடை

இனி 275.5 × 4, 325.5 × 9 என்று பெருக்கிக் கூட்டி 60ஆல் பிரிக்கலாம். பிழையான வழி அல்ல. ஆனால் சாதாரண தரக் கணிதப் பரீட்சை மண்டபத்துக்குக் கணிப்பான் கொண்டுபோக முடியாது. 425.5 × 18ஐக் கையால் பெருக்கும்போது ஒரு இலக்கம் வழுக்கினால் எல்லாம் போய்விடும். அதற்காகத்தான் எடுகொண்ட இடை.

நடுப்பெறுமானங்களில் ஒன்றை இடையாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்கிறோம். மற்றவை அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்க்கிறோம். அந்த விலகல்களின் இடையைக் கண்டு, எடுத்துக்கொண்ட எண்ணோடு சேர்த்துவிடுகிறோம். எந்த நடுப்பெறுமானத்தை எடுத்தாலும் விடை ஒன்றுதான். நடுவில் இருப்பதையோ மீடிறன் கூடியதையோ எடுத்தால் எண்கள் சிறிதாக இருக்கும், அவ்வளவுதான். இங்கே இரண்டும் ஒரே வரிசையில் இருக்கின்றன. 425.5ஐ எடுப்போம்.

| வகுப்பாயிடை (கிராம்) | மீடிறன் f | நடுப்பெறுமானம் x | விலகல் d | fd |
|---|---|---|---|---|
| 251–300 | 4 | 275.5 | −150 | −600 |
| 301–350 | 9 | 325.5 | −100 | −900 |
| 351–400 | 13 | 375.5 | −50 | −650 |
| 401–450 | 18 | 425.5 | 0 | 0 |
| 451–500 | 10 | 475.5 | 50 | 500 |
| 501–550 | 4 | 525.5 | 100 | 400 |
| 551–600 | 2 | 575.5 | 150 | 300 |
| மொத்தம் | 60 | | | −950 |

விலகல் என்பது நடுப்பெறுமானத்திலிருந்து எடுகொண்ட இடையைக் கழித்தது. அந்த வரிசையை மாற்றிக் கழித்தால் எல்லாக் குறிகளும் தலைகீழாகிவிடும். fd நிரலைக் கூட்டும்போது மறைகளை ஒரு பக்கம், நேர்களை ஒரு பக்கம் சேர்த்துவிட்டுப் பிறகு கழியுங்கள். மறைகள் 600 + 900 + 650 = 2150. நேர்கள் 500 + 400 + 300 = 1200. ஆக −950.

இடை = 425.5 + (−950 ÷ 60) = 425.5 − 15.8 = 409.7 கிராம்

இந்த இடத்தில் இரண்டு பிழைகள் அடிக்கடி வரும். இரண்டையும் விடையைப் பார்த்தே பிடிக்கலாம். முதலாவது, மறைக்குறியை மறந்து 15.8ஐக் கூட்டி 441.3 என்று எழுதுவது. அட்டவணையைப் பாருங்கள். 401–450 வகுப்பை விட நிறை குறைந்த காய்கள் 26, கூடியவை 16. இரண்டு பக்கமும் விலகும் தூரம் ஒரே அளவு, 50, 100, 150. அப்படியிருக்க இடை 425.5க்குக் கீழேதான் இறங்க முடியும். இரண்டாவது, 60ஆல் பிரிக்காமல் வகுப்புகளின் எண்ணிக்கையான 7ஆல் பிரிப்பது. அப்போது இடை 290 கிராம் அளவில் வரும். நாலே நாலு காய் உள்ள வகுப்பில் இடை போய் உட்கார்ந்தால் ஏதோ பிழை என்று தெரிய வேண்டும்.

முழுக் கணக்கையும் சரிபார்க்க விரும்பினால் வேறோர் எடுகொண்ட இடையோடு திரும்பச் செய்யுங்கள். அவளை 375.5 எடுத்துச் செய்யச் சொன்னேன். fdஇன் கூட்டுத்தொகை 2050 வந்தது. 2050 ÷ 60 = 34.2, அதோடு 375.5ஐக் கூட்டினால் மறுபடியும் 409.7. "எண்கள் எல்லாம் மாறினது, விடை மாறேல்லையே" என்று அவளுக்கு ஆச்சரியம். எடுகொண்ட இடை என்பது ஊகம், அது விடையை மாற்றிவிடும் என்ற பயம் பல பிள்ளைகளுக்கு இருக்கிறது. ஒருமுறை இப்படிச் செய்துபார்த்தால் அந்தப் பயம் போய்விடும்.

பட வாசிப்புக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்பதும் இங்கே தெரியும். அந்த ஐந்தை நாங்கள் ஆறாம் வரிசையில் போட்டு 4ஐ 9 ஆக்கியிருந்தால், மொத்தம் 60 என்று சரியாக வந்திருக்கும். ஆனால் fdஇன் கூட்டுத்தொகை −450 ஆகி, இடை 418.0 கிராம் என்று வந்திருக்கும். எட்டுக் கிராம் வித்தியாசம், எச்சரிக்க ஒன்றுமே இல்லாமல்.

இடையம்

இடையத்துக்கு நடுப்பெறுமானமும் வேண்டாம், எடுகொண்ட இடையும் வேண்டாம். காய்களை நிறை வரிசையில் அடுக்கினால் நடுவில் வருவது எது என்பதுதான் கேள்வி. மீடிறன்களை மேலிருந்து கீழாகக் கூட்டிக்கொண்டு போங்கள். 4, 13, 26, 44, 54, 58, 60. இதுதான் திரள் மீடிறன். கடைசி எண் 60 வராவிட்டால் கூட்டலில் பிழை.

60இன் பாதி 30. மூன்றாம் வகுப்பு முடியும்போது 26 காய்கள் ஆகிவிட்டன, நான்காம் வகுப்பு முடியும்போது 44. ஆக, இடையம் 401–450 வகுப்புக்குள் இருக்கிறது. அந்த வகுப்பில் இன்னும் 4 காய் உள்ளே போக வேண்டும், அங்கே இருப்பவை 18. வகுப்பின் அகலம் 50 கிராம். 18 காய்களும் அந்த 50 கிராமில் சமமாகப் பரந்திருப்பதாக எடுத்துக்கொண்டால் நாம் போக வேண்டிய தூரம் 4 ÷ 18 × 50 = 11.1 கிராம்.

எங்கேயிருந்து போவது? 401இலிருந்து அல்ல. கிட்டிய கிராமுக்கு நிறுத்ததால் 400.6 கிராம் காய் 401 என்றுதான் பதியப்பட்டிருக்கும். ஆகவே அந்த வகுப்பு உண்மையில் 400.5இல் தொடங்கி 450.5இல் முடிகிறது. அகலம் 49 அல்ல, 50 என்பதும் இதனால்தான்.

இடையம் = 400.5 + (30 − 26) ÷ 18 × 50 = 411.6 கிராம்

வரைபுத் தாளில் திரள் மீடிறன் வளையி வரைந்து காண்பதானால், புள்ளிகளை வகுப்பின் மேலெல்லையில் இடுங்கள். 26ஐ 400.5க்கு நேரே, 44ஐ 450.5க்கு நேரே. பலர் இடை கண்ட பழக்கத்தில் நடுப்பெறுமானத்துக்கு நேரே இட்டுவிடுவார்கள். அப்போது வளையி முழுவதும் 25 கிராம் இடப்பக்கம் நகர்ந்து, இடையம் 387 அளவில் வரும். அது 351–400 வகுப்புக்குள் கிடக்கிறது. இடையம் 401–450இல்தான் இருக்க வேண்டும் என்று திரள் மீடிறன் ஏற்கெனவே சொல்லிவிட்டதால், அந்த ஒரு பார்வையிலேயே பிழை பிடிபடும்.

கிடைத்த இடையும் இடையமும் இரண்டு கிராம் அளவில்தான் வேறுபடுகின்றன. இரண்டும் மதிப்பீடுகளே என்பதை மறக்க வேண்டாம். ஒவ்வொரு காயும் தன் நடுப்பெறுமானத்திலிருந்து அதிகம் போனால் 25 கிராம் விலகியிருக்கலாம். கூடியதும் குறைந்ததும் ஒன்றையொன்று சரிக்கட்டுவதால் இடையில் ஏற்படும் பிழை வழமையாக அதைவிட மிகக் குறைவு. ஆனாலும் 409.6667 என்று நாலு தசம தானத்துக்கு எழுதுவதில் பொருளில்லை. 410 கிராம், 412 கிராம் என்று எழுதினால் போதும். கேள்வியில் வேறு திருத்தம் கேட்டிருந்தால் மட்டும் அதன்படி செய்யுங்கள்.

கடைசி வரிசை வெட்டுப்பட்டிருந்தால்

அடுத்த நாள் தோழிகளில் ஒருத்தி அதே அட்டவணையை வேறு கோணத்தில் எடுத்து அனுப்பினாள். நான்காம் வரிசை 18 என்பது அதில் தெளிவாக இருந்தது. ஆனால் ஏழாம் வரிசை படத்தில் விழவில்லை, "மொத்தம் 60" என்பது மட்டும் ஒரு மூலையில் தெரிந்தது. முதல் படம் கையில் இருந்ததால் கவலை இல்லை. ஆனால் அந்தப் படம் மட்டும் கிடைத்திருந்தால் என்ன செய்வது என்று அவளிடம் கேட்டேன்.

தெரியும் ஆறு வரிசைகளின் கூட்டு 58. மறைந்தது ஒரேயொரு வரிசை என்று தெரிந்தால் அதன் மீடிறன் 2. இதுவரை பிரச்சினை இல்லை. ஆனால் அந்த வகுப்பு 551–600 என்பதற்கு உறுதி எங்கே? பல அட்டவணைகளில் கடைசி வகுப்பு "551உம் அதற்கு மேலும்" என்று திறந்தே இருக்கும். அதற்கு நடுப்பெறுமானம் கிடையாது. நடுப்பெறுமானம் இல்லாமல் fd இல்லை, fd இல்லாமல் இடையும் இல்லை. 551–600 என்று எடுத்துச் செய்யலாம், ஆனால் "கடைசி வகுப்பு 551–600 எனக் கொள்ளப்பட்டது" என்று விடையோடு ஒரு வரி எழுத வேண்டும்.

இடையத்துக்கு இந்தச் சிக்கலே இல்லை. மறைந்த இரண்டு காய்களும் 551 கிராமோ 700 கிராமோ, அவை 30ஆவது இடத்துக்கு மேலேதான் இருக்கின்றன. மொத்தம் 60 என்பதும் மேலே உள்ள நாலு வரிசைகளும் தெரிந்தால் போதும், இடையம் அதே 411.6தான். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ஐஞ்சாம் ஆறாம் வரிசையும் தெரியாட்டிலும் இடையம் காணலாமே சித்தப்பா" என்றாள். ஓம், காணலாம்.